எந்தச் செய்தி வந்தால் விற்பீர்கள்?

"வாங்கலாம். டார்கெட் 400, ஸ்டாப் லாஸ் 310." பங்குச்சந்தையில் பணம் போடுகிறவர்களுக்கு இந்த மாதிரி ஒற்றை வரி நன்றாகப் பழக்கம். தரகு நிறுவனத்தின் காலைக் குறிப்பிலும் தொலைக்காட்சித் திரையின் கீழ்ப்பட்டையிலும் நண்பர் அனுப்பும் குறுஞ்செய்தியிலும் அது இப்படித்தான் வருகிறது. இரண்டு எண்கள் இருப்பதால் திட்டம் முழுமையாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அந்தப் பங்கை ஏன் வாங்க வேண்டும், எந்த விலையைத் தாண்டினால் வாங்கக் கூடாது, என்ன நடந்தால் அந்தக் காரணம் பொய்யாகிவிடும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை.

தொழில்முறையில் இதைச் செய்கிறவர்கள் ஒரு வர்த்தக யோசனையை எழுதும்போது நான்கு விஷயங்களைப் பதிவு செய்கிறார்கள். எந்த விலைப் பகுதிக்குள் வந்தால் வாங்குவது என்பது முதலாவது. எந்த விலைக்குக் கீழே போனால் யோசனையே தவறு என்று ஒப்புக்கொள்வது என்பது இரண்டாவது. இதை முறிவு விலை என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே லாபத்தை எடுப்பது என்பது மூன்றாவது. விலை எங்கே இருந்தாலும் சரி, எந்தச் சான்று வந்தால் கருத்தை மாற்றிக்கொள்வது என்பது நான்காவது. முதல் மூன்றையும் ஒருவழியாக எழுதிவிடுகிறவர்கள்கூட நான்காவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியச் சந்தையில் யெஸ் பேங்க் பங்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

2018 ஆகஸ்ட் 20 அன்று அந்தப் பங்கு 404 ரூபாயைத் தொட்டது. ஜூனுடன் முடிந்த காலாண்டில் வங்கியின் லாபம் சுமார் 1,260 கோடி ரூபாய். கொடுத்த கடன் ஓராண்டில் 50 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்திருந்தது. வாராக்கடன் 1.31 சதவீதம் என்று வங்கி அறிவித்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒருவர் இந்தப் பங்கை வாங்க நினைத்தால், அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அவர் தன் யோசனையை முறையாக எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? கீழே வரும் குறிப்பை அன்று யாரும் எழுதவில்லை. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பொதுவெளியில் இருந்த தகவல்களை மட்டும் வைத்து, விளக்கத்துக்காக அமைத்தது.

"கடன் வளர்ச்சி வேகமாக இருக்கிறது, வாராக்கடன் குறைவு. இது தொடர்ந்தால் பங்கு பழைய உச்சத்துக்குத் திரும்பும். வாங்கும் பகுதி 340 முதல் 350 வரை. நாள் முடிவு விலை 310-க்குக் கீழே போனால் வெளியேறுதல். இலக்கு 400. அக்டோபரில் வரும் காலாண்டு முடிவு வரை இந்த யோசனை செல்லும்."

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்த்தால்தான் குறிப்பின் பயன் புரியும். இலக்கு 400 என்று இருப்பதற்குக் காரணம், சில நாள்களுக்கு முன்புதான் 404 வரை போய்ப் பங்கு திரும்பியிருக்கிறது. அந்த இடத்தில் விற்கிறவர்கள் இருந்தார்கள் என்பது நடந்து முடிந்த உண்மை. 450 என்று எழுதினால் அது ஆசை. முறிவு விலை 310 என்பதும் எழுதுகிறவரின் பொறுமையின் அளவல்ல. உச்சத்திலிருந்து கிட்டத்தட்ட கால்பங்கு விழுந்துவிட்ட பங்கை, சற்று இளைப்பாறிவிட்டுப் பழைய உச்சத்துக்குப் போகிறது என்று இனிச் சொல்ல முடியாது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். "என்னால் 20 ரூபாய் நஷ்டம்தான் தாங்க முடியும்" என்று 325-ல் கோடு போடுகிறவர் தன் பர்ஸை அளக்கிறார், பங்கை அளக்கவில்லை. அவருடைய யோசனை சரியாக இருக்கும்போதே விலையின் சாதாரண ஆட்டம் அவரை வெளியே தள்ளிவிடும்.

நஷ்டத்தைத் தாங்கும் அளவைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு வேறு வழி இருக்கிறது. முறிவு விலையை நகர்த்தாமல், வாங்கும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். கையில் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது, ஒரு யோசனை தவறினால் அதில் ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய்தான் போகலாம் என்று ஒருவர் முடிவு செய்கிறார் என்போம். 345-ல் வாங்கி 310-ல் வெளியேறினால் பங்குக்கு 35 ரூபாய் நஷ்டம். 5,000-ஐ 35-ஆல் வகுத்தால் 142 பங்குகள் வருகின்றன. அவற்றின் விலை 49,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கையில் 5 லட்சம் இருந்தும் இந்தப் பங்கில் பத்தில் ஒரு பங்கைத்தான் போடுகிறார். பலருக்கு இது மிகக் குறைவாகத் தெரியும். இந்தக் கணக்கு எதற்கு உதவுகிறது என்பது செப்டம்பர் 21 அன்று தெரியும்.

வாங்கும் பகுதிக்கு மேல் எல்லை ஏன் வேண்டும்? 345-ல் வாங்கினால் 35 ரூபாயைப் பணயம் வைத்து 55 ரூபாய்க்கு ஆசைப்படுகிறோம். 355-ல் வாங்கினால் இரண்டு பக்கமும் 45. 365-ல் வாங்கினால் 55 ரூபாயை வைத்து 35-க்குக் காத்திருக்கிறோம். பங்கு அதேதான், காரணமும் அதேதான். இருபது ரூபாய் உயர்வில் நல்ல யோசனை மோசமான யோசனையாகிவிட்டது. விலை வேகமாக ஏறும்போது "விட்டுவிடுவோமோ" என்ற பதற்றத்தில் துரத்திப் பிடிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பகுதியின் மேல் எல்லையை முன்கூட்டியே எழுதிவைத்தவருக்கு அதைத் தாண்டியபின் செய்ய ஒன்றும் இல்லை, காத்திருக்கலாம் அல்லது விட்டுவிடலாம்.

இதுவரை எல்லாம் விலை பற்றிய பேச்சு. இப்போது விடுபட்ட நான்காவது வரிக்கு வருவோம்.

அந்தக் குறிப்பு இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. வங்கி சொல்லும் வாராக்கடன் எண் உண்மை என்பது ஒன்று. வளர்ச்சியை நடத்திக்கொண்டிருக்கும் நிர்வாகம் தொடரும் என்பது மற்றொன்று. இரண்டையும் சோதிக்கும் அதிகாரம் ஒரே இடத்தில், ரிசர்வ் வங்கியிடம் இருந்தது. அதற்கு முன்கதையும் உண்டு. 2016 மார்ச் முடிவில் தன் மொத்த வாராக்கடன் சுமார் 749 கோடி என்றது யெஸ் பேங்க். ரிசர்வ் வங்கி ஆய்வு செய்து 4,926 கோடி என்றது. அடுத்த ஆண்டு வங்கி சொன்னது சுமார் 2,019 கோடி. ரிசர்வ் வங்கியின் கணக்கு 8,374 கோடி. இந்த எண்கள் ரகசியமாக இருக்கவில்லை, வங்கியே வெளியிட்டவை. 1.31 சதவீதம் என்ற எண்ணை நம்பி வாங்குகிறவர், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அப்படிப்பட்ட எண்கள் பலமடங்கு திருத்தப்பட்டன என்பதையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

நிர்வாகம் பற்றிய கேள்விக்கு நாள்கூடக் குறிக்கப்பட்டிருந்தது. தலைமை நிர்வாகி ராணா கபூரின் பதவிக்காலம் 2018 ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. மேலும் மூன்று ஆண்டுகளுக்கு அவரை நியமிக்கப் பங்குதாரர்கள் ஜூனிலேயே ஒப்புதல் தந்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கியின் அனுமதிதான் பாக்கி. ஆக, நான்காவது வரி இப்படி இருந்திருக்கும்: "ஆகஸ்ட் 31-க்குள் ரிசர்வ் வங்கி மூன்று ஆண்டு அனுமதி தராவிட்டால், அல்லது காலத்தைக் குறைத்தால், விலை என்னவாக இருந்தாலும் இந்த யோசனை ரத்து."

இந்த வரியில் யார் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றன. படித்துப் பார்க்கும் இன்னொருவரும், நிபந்தனை நிறைவேறியதா இல்லையா என்று அதே பதிலைச் சொல்ல முடியும். "நிர்வாகத்தில் பிரச்சினை வந்தால் விற்பேன்" என்றோ "சந்தை மோசமானால் பார்க்கலாம்" என்றோ எழுதினால் அந்தப் பயன் கிடையாது. பிரச்சினை வந்த நாளில், அது பிரச்சினையே அல்ல என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொள்ள எவருக்கும் ஒரு மணி நேரம் போதும்.

ஆகஸ்ட் 30 அன்று பதில் வந்தது. மறு அறிவிப்பு வரும் வரை ராணா கபூர் பதவியில் தொடரலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதாக வங்கி அறிவித்தது. மூன்று ஆண்டு என்ற பேச்சே அதில் இல்லை. மறுநாள் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம் விழுந்து சுமார் 343-ல் முடிந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 343 என்பது நம் குறிப்பின் வாங்கும் பகுதிக்குள் இருக்கிறது. விலையை மட்டும் எழுதி வைத்தவருக்கு அன்றைய நாள் "நினைத்த விலைக்கு வந்துவிட்டது, வாங்கு" என்று சொல்லியிருக்கும். நான்காவது வரியையும் எழுதி வைத்தவருக்கு அதே நாள் "யோசனை முடிந்தது, வாங்காதே" என்று சொல்லியிருக்கும். காரணத்தை உடைத்த செய்திதான் விலையையும் அந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தது. ஒரு பங்கு ஆசைப்பட்ட விலைக்கு இறங்கி வரும்போது ஏன் இறங்கியது என்று கேட்டே ஆக வேண்டும். பொதுவான சந்தைச் சரிவில் இறங்கினால் அது வாய்ப்பாக இருக்கலாம். யோசனையின் அடித்தளத்தைத் தொட்ட செய்தியால் இறங்கினால், அந்த விலை எழுதப்பட்ட நாளில் இருந்த பங்கு இப்போது இல்லை.

அடுத்த மூன்று வாரம் பங்கு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 19 அன்று சுமார் 319-ல் முடிந்தது. 310 என்ற முறிவு விலை இன்னும் உடையவில்லை; விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் நிம்மதியாக இருந்திருப்பார். அன்று ரிசர்வ் வங்கியின் முடிவு வெளியானது: ராணா கபூரின் பதவிக்காலம் 2019 ஜனவரி 31 வரை மட்டுமே. மறுநாள் மொஹரம் விடுமுறை. செப்டம்பர் 21 அன்று சந்தை திறந்தபோது விற்கிறவர்கள் கூட்டம் காத்திருந்தது. அன்றைய முடிவில் பங்கின் விலை சுமார் 227.

319-லிருந்து 227. நடுவில் இருந்த 310 வெறும் எண்ணாகிப் போனது. ஸ்டாப் லாஸ் போட்டு வைத்தால் அந்த விலைக்கு விற்றுக் கொடுத்துவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். விலை அங்கே தொட்டதும் விற்கும் ஆணை சந்தைக்குப் போகும், அவ்வளவுதான். வாங்குகிறவர் எந்த விலையில் இருக்கிறாரோ அந்த விலைதான் கிடைக்கும். செய்தி சந்தை மூடியிருக்கும் நேரத்தில் வந்தால் நடுவில் உள்ள விலைகளில் வியாபாரமே நடக்காமல் போகலாம். அப்படிப்பட்ட செய்தியைத் தரக்கூடிய நிறுவனங்களில், அதாவது கட்டுப்பாட்டு அமைப்பின் ஒரு கடிதமோ மருந்து ஆய்வின் ஒரு முடிவோ விலையைத் தூக்கிப் போடும் இடங்களில், விலைக்கோடு மட்டும் காவலாக நிற்காது.

முன்பு போட்ட எண்ணிக்கைக் கணக்கு இங்கே உதவுகிறது. 142 பங்கு வாங்கியவர் 227-ல் வெளியேறினால் பங்குக்கு 118 ரூபாய் வீதம் சுமார் 16,750 ரூபாய் நஷ்டம். திட்டமிட்ட 5,000-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனாலும் கையிருப்பில் நான்கு சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. 5 லட்சத்தையும் அதே பங்கில் போட்டிருந்தால் 1 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் போயிருக்கும். அத்தனை போனபின் பெரும்பாலானவர்களால் விற்கவும் முடிவதில்லை. "எடுத்த விலை வந்ததும் கொடுத்துவிடலாம்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள், அல்லது விலை குறைந்துவிட்டது என்று ஆவரேஜ் செய்கிறார்கள்.

ஆவரேஜ் செய்வது எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. முதல் குறிப்பிலேயே இரண்டு தவணையாக வாங்குவதாக எழுதியிருந்து, காரணமும் உடையாமல் இருந்தால் அது திட்டத்தின் பகுதி. காரணம் உடைந்தபின் வாங்குவது வேறு யோசனை. அதற்குப் புதிய குறிப்பு, புதிய காரணம், புதிய முறிவு விலை எல்லாம் வேண்டும். பழைய குறிப்பில் 310-ஐ அடித்துவிட்டு 200 என்று எழுதுவது நேர்மையான திருத்தம் ஆகாது. பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே தேதி போட்டு, என்ன மாறியது என்று எழுத வேண்டும். எழுதும்போது பேனா நின்றுவிட்டால், சொல்ல ஒன்றும் இல்லை என்று பொருள்.

நான்காவது வரி எதிர்த்திசையிலும் வேலை செய்ய வேண்டும். வெளியேறியவர் திரும்ப வரலாம் என்று எந்தச் சான்று சொல்லும்? 2019 பிப்ரவரியில் இதற்கு அருமையான சோதனை ஒன்று நடந்தது. 2018 மார்ச் கணக்கில் வங்கி சொன்ன வாராக்கடனுக்கும் தன் கணக்குக்கும் வேறுபாடே இல்லை என்று ரிசர்வ் வங்கி கண்டதாக யெஸ் பேங்க் அறிவித்தது. பிப்ரவரி 14 அன்று ஒரே நாளில் பங்கு சுமார் 30 சதவீதம் எகிறி 220-ஐத் தாண்டியது. முந்தைய இரண்டு ஆண்டு வரலாற்றைத் தெரிந்தவருக்கு இது பெரிய நல்ல செய்தி. விற்றவர்கள் பலர் வருந்தியிருப்பார்கள். சான்றைப் பார்த்து வெளியேறுகிறவர் அவ்வப்போது கொடுக்க வேண்டிய விலை அது.

மறுநாளே ரிசர்வ் வங்கி யெஸ் பேங்க்குக்குக் கடிதம் எழுதியது. ஆய்வறிக்கை ரகசியமானது, அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சொன்னது தவறு, அதே அறிக்கையில் வேறு பல குறைகளும் விதிமீறல்களும் சுட்டப்பட்டிருக்கின்றன என்றது. இப்போது சான்றை எடைபோட வேண்டும். வேறுபாடு இல்லை என்ற தகவல் உண்மைதான். ஆனால் அது ஏறத்தாழ ஓராண்டு பழைய கணக்கைப் பற்றியது. மேலும், நம் குறிப்பில் யோசனையை ரத்து செய்தது வாராக்கடன் எண் அல்ல, கட்டுப்பாட்டு அமைப்பின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை திரும்பவில்லை என்பதைக் கடிதமே சொல்கிறது. எந்தக் காரணத்துக்காக வெளியேறினோம் என்று எழுதி வைத்தவரால்தான் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். எழுதாதவருக்கு நல்ல செய்தி என்றால் நல்ல செய்தி, 30 சதவீத ஏற்றம் என்றால் ஏற்றம்.

ஒருவர் அப்போதும் வாங்க நினைத்திருந்தால் அதற்கும் வழி உண்டு. புதிய தலைவராக ரவ்னீத் கில் அறிவிக்கப்பட்டிருந்தார், மார்ச்சில் பொறுப்பேற்றார். புதிய நிர்வாகம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து முதல் காலாண்டு முடிவை வெளியிடும் நாள்தான் பழைய எண்களுக்கு உண்மையான சோதனை. "ஏப்ரல் முடிவில் பெரிய ஒதுக்கீடு வராவிட்டால் மட்டும் வாங்குதல்" என்று எழுதிக் காத்திருக்கலாம். ஏப்ரல் 26 அன்று அந்த முடிவு வந்தது: 1,506 கோடி ரூபாய் நஷ்டம், வங்கியின் வரலாற்றில் முதல் காலாண்டு நஷ்டம். அடுத்த வர்த்தக நாளான ஏப்ரல் 30 அன்று பங்கு சுமார் 237-லிருந்து 168-க்கு விழுந்தது. ஏழு மாதத்தில் இரண்டாவது முறையாக, ஒரே நாளில் கால்பங்குக்கும் மேல்.

நான்காவது வரி எழுதிய எல்லோரும் தப்பிவிடுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த உதாரணம் நடந்து முடிந்தபின் தேர்ந்தெடுக்கப்பட்டது, அதனால் வரி கச்சிதமாகப் பொருந்துகிறது. நடப்பில் ஐந்து சான்றுகளை எழுதுகிறவருக்கு ஆறாவதிலிருந்து அடி விழலாம். ஐம்பது எழுதினால் வாரம் ஒரு முறை ஏதோ ஒன்று நிறைவேறிக்கொண்டே இருக்கும், எதையும் வைத்திருக்க முடியாது. நல்ல அளவு இரண்டு அல்லது மூன்று. யோசனை எந்த நம்பிக்கைகளின் மேல் நிற்கிறதோ அவை ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவற்றில் ஒன்றுக்காவது தேதி இருக்க வேண்டும்: காலாண்டு முடிவு, பதவிக்காலம், நீதிமன்றத் தீர்ப்பு, கடன் திருப்பும் நாள் என்று ஏதாவது ஒன்று. தேதி கடந்தும் எதிர்பார்த்தது நடக்காவிட்டால், விலை அசையாமல் இருந்தாலும் அதுவே ஒரு சான்று.

எழுதும் வரிசையையும் மாற்றிக்கொள்வது நல்லது. பெரும்பாலோர் இலக்கில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் இனிமையான எண் அதுதான். முதலில் காரணத்தையும் அதை முறிக்கும் சான்றையும் எழுத வேண்டும், பிறகு முறிவு விலை, பிறகு இலக்கு. வாங்கும் பகுதி கடைசியில் தானாக வரும், ஏனென்றால் அது மற்ற இரண்டு விலைகளிலிருந்து கிடைக்கும் கணக்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு இப்படிப்பட்ட பரிந்துரை தருகிறவர் செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேட்டபின், "எந்தச் செய்தி வந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத பரிந்துரையை வாங்க வேண்டாம்.

யெஸ் பேங்க்கில் கடைசிவரை காத்திருந்தவர்களுக்கு 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கியின் தடை உத்தரவு வந்தது. மறுநாள் வர்த்தகத்தின் நடுவே பங்கு 5 ரூபாய் 55 காசு வரை இறங்கியது. அடுத்த வாரம் அரசு அறிவித்த மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்கள் தங்கள் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்கவே முடியாது என்றானது.